ஒரு சிறு கிளினிக்கின் தகவல் பாதுகாப்புக் கொள்கை: வரி வரியாக எழுதிய விதம்

"உங்கள் தனிப்பட்ட தகவல்கள் உரிய முறையில் பாதுகாக்கப்படும். தேவையின்றி மூன்றாம் நபருடன் பகிரப்பட மாட்டாது."

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் இருக்கும் கிளினிக் அது. மேலே உள்ள இரண்டு வரிகளையும் லேமினேட் செய்து ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். அதே மேசையிலிருந்துதான் ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை ரிப்போர்ட் அவருடைய மாமியாரின் வாட்ஸ்அப்புக்குப் போனது. அந்தப் பெண் வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அனுப்பியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கார்டில் இருந்த நம்பருக்குத்தான் அனுப்பினார். கல்யாணமாகி வந்த புதிதில் காய்ச்சலுக்கு அழைத்து வந்த மாமியார் தன் நம்பரைக் கொடுத்திருந்தார், அதுவே கார்டில் நின்றுவிட்டது. சிறு ஊர்களில் ஒரே நம்பரில் ஒரு வீட்டின் நாலைந்து கார்டுகள் இருப்பது சாதாரணம். சுவரில் இருந்த கொள்கையில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. அவர் மீறுவதற்கு அங்கே ஒரு விதியும் இருக்கவில்லை.

கிளினிக்கை நடத்துபவர்கள் கணவன் மனைவி இருவர். கணவர் பொது மருத்துவர், மனைவி டாக்டரம்மா மகப்பேறு மருத்துவர். ஒரு சிஸ்டர், ஷிஃப்ட் முறையில் ரிசப்ஷனில் இரண்டு பெண்கள், மருந்துக் கடையில் ஒருவர். மாத வாடகைக்கு ஒரு சாஃப்ட்வேர். ரத்த மாதிரி வெளி லேபுக்குப் போகும், ரிப்போர்ட் PDF ஆகத் திரும்பி வரும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒழுங்கான கொள்கை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

டவுன்லோடு செய்த கொள்கை என்ன செய்தது

டாக்டர் முதலில் காட்டியது இணையத்தில் கிடைத்த ஒன்பது பக்க மாதிரி. ஐரோப்பியச் சட்டத்துக்காக யாரோ எழுதியது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அதில் மூன்று இடங்களைக் காட்டினேன்.

முதலாவது, "நோயாளி கேட்டால் 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் தருவோம்" என்ற வரி. ஐரோப்பாவில் ஒரு மாத அவகாசம் உண்டு. ஆனால் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், நோயாளியோ அவர் சார்பில் உரிய நபரோ மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. அந்த விதிகளுக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டதால், 2002 விதிகளைத்தான் பார்க்க வேண்டும். அதாவது அந்தக் கொள்கையை ஒழுங்காகப் பின்பற்றினால் டாக்டர் தன் தொழில் விதியை மீறுவார்.

இரண்டாவது, "நீங்கள் கேட்ட 24 மணி நேரத்தில் உங்கள் தகவல்கள் அனைத்தையும் அழிப்போம்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தகவலை அழிக்கச் சொல்லும் அதே பிரிவில், வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை வைத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. நாளைக்கு அதே நோயாளி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் டாக்டர் கையில் காட்ட ஒரு தாள் இருக்காது.

மூன்றாவது, "தகவல் கசிந்தால் கிளினிக் எந்தப் பொறுப்பும் ஏற்காது, நோயாளி இதற்குச் சம்மதிக்கிறார்." கறாரான வரிதான் ஆளைக் கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 6ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: சம்மதத்தில் சட்டத்துக்கு விரோதமான பகுதி எதுவோ, அது செல்லாது. நோயாளி கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரிக்கு மதிப்பில்லை.

அப்புறம் டாக்டருக்கு இதே சட்டத்தில் உள்ள 250 கோடி ரூபாய் அபராதம் பற்றிய பயம் இருந்தது. அது உச்ச வரம்பு. மீறலின் தன்மை, எவ்வளவு காலம் நீடித்தது, குறைக்க என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறை விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, பாதுகாப்பு, கசிவைத் தெரிவித்தல் போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. அதுவரை வெற்றிடம் என்று அர்த்தமில்லை. 2002 விதிகளின் ரகசியக் கடமை இருக்கிறது. மருத்துவ விவரத்தைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தகவலாகக் கருதும் 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளும் இருக்கின்றன.

எழுதுவதற்கு முன்னால் ஒரு சுற்று

கொள்கையை எழுத உட்காரும் முன் ஒரு நோயாளியின் தகவல் எந்தெந்த இடத்தில் தங்குகிறது என்று பின்தொடர்ந்தேன். டோக்கன் நோட்டு, ஓபி கார்டு, சாஃப்ட்வேர், லேபுக்குப் போகும் சீட்டு, லேபிலிருந்து வரும் மெயில். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாதது, ரிசப்ஷன் பெண்ணின் சொந்தப் போன். ரிப்போர்ட்டுகள் அதிலிருந்துதான் போயின. அவர் வேலையை விட்டுப் போனால் போனும் கூடவே போகும். சாஃப்ட்வேரில் நான்கு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. யார் எந்தக் கார்டைத் திறந்தார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். 2023 சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்கும், தாளில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக மாற்றிய தகவலுக்கும்தான் பொருந்தும். டோக்கன் நோட்டு தாளாகவே இருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் டாக்டரின் ரகசியக் கடமை தாளையும் திரையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் கொள்கை இரண்டுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ரிசப்ஷனில் இருப்பவருக்கு "இது அந்தச் சட்டம், இது வேறு" என்று சொல்லிக் கொடுப்பது வீண்.

அடுத்து ஆவணத்தை இரண்டாகப் பிரித்தோம். நோயாளிக்கு ஒரு பக்க அறிவிப்பு, ஊழியர்களுக்கு நான்கு பக்கக் கொள்கை. நோயாளியிடம் சொல்வது வாக்குறுதி, ஊழியரிடம் சொல்வது கட்டளை. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் வாக்கியங்கள் யாரிடம் பேசுகின்றன என்றே தெரியாமல் போகும். லேமினேட் தாளின் முதல் கோளாறு அதுதான்.

ஒரு வாக்கியம் எப்போது கட்டுப்படுத்தும்

"பாதுகாக்கப்படும்", "பகிரப்பட மாட்டாது", "உறுதி செய்யப்படும்". இப்படிச் செயப்பாட்டு வினையில் எழுதினால் தமிழில் செய்பவர் காணாமல் போய்விடுகிறார். அரசாணை பாணி நமக்குப் பழகியிருப்பதால் இது கம்பீரமாகக் கூடத் தோன்றும். ஆனால் தகராறு வரும்போது "யார் செய்திருக்க வேண்டும்?" என்பதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இருக்காது. அதனால் ஒவ்வொரு வரியிலும் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பார்த்தோம்: யார், என்ன செய்ய வேண்டும், எப்போது, செய்ததற்கு எங்கே பதிவு. விடை இல்லாத வரியை ஒன்று திருத்தினோம், இல்லையென்றால் எடுத்துவிட்டோம். வினைமுற்றுகளையும் மூன்றாகச் சுருக்கினோம். கட்டாயமானது "வேண்டும்", தடை "கூடாது", விருப்பம் "லாம்". "முயற்சிப்போம்", "இயன்றவரை" இரண்டும் போயின.

ரிப்போர்ட் அனுப்பும் வரி இப்படித்தான் உருவானது. என் முதல் வரைவு: "ரிப்போர்ட்டை நோயாளியின் பதிவு செய்த நம்பருக்கு மட்டுமே ரிசப்ஷனில் இருப்பவர் அனுப்ப வேண்டும்." யார், என்ன என்பதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் மாமியார் சம்பவத்தில் இந்த வரி முழுக்கப் பின்பற்றப்பட்டிருக்கும், ரிப்போர்ட்டும் அதே இடத்துக்குப் போயிருக்கும். பதிவான நம்பர் யாருடையது என்பதுதான் விஷயம். இறுதி வடிவம் இது:

> மாதிரி எடுக்கும்போது சிஸ்டர் நோயாளியிடம் நேரடியாக, தனியாகக் கேட்க வேண்டும்: "இந்த ரிப்போர்ட் எந்த நம்பருக்கு வர வேண்டும், அல்லது நேரில் வாங்கிக்கொள்கிறீர்களா?" பதிலை லேப் சீட்டில் எழுத வேண்டும். ரிசப்ஷனில் இருப்பவர் சீட்டில் உள்ள நம்பருக்கு மட்டும், கிளினிக் போனிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டும். சீட்டில் நம்பர் இல்லையென்றால் அனுப்பக் கூடாது. கர்ப்பம், ஹெச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை நோயாளியின் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

"தனியாக" என்ற ஒரு சொல்லுக்காக டாக்டரம்மா வாதாடினார். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அந்தப் பெண் வேறு நம்பர் சொல்ல மாட்டார் என்றார். சரியான வாதம். மாதிரி எடுக்கும் அறைக்குள் கூட வந்தவர்கள் வரக்கூடாது என்று இன்னொரு வரி அதிலிருந்து பிறந்தது. ஹெச்ஐவி விஷயத்தில் இது வெறும் நாகரிகம் இல்லை. சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் அந்த நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் ஹெச்ஐவி சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, தடுக்கிறது.

எல்லா மழுங்கலான சொற்களையும் நீக்கிவிட முடியாது. மயங்கிக் கிடப்பவரின் அண்ணனிடம் டாக்டர் என்ன சொல்லலாம் என்பதற்கு முன்கூட்டியே அளவு வைக்க முடியாது. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதமில்லாமலே தகவலைக் கையாளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே "சிகிச்சைக்குத் தேவையான அளவு" என்றே வைத்தோம். ஆனால் தேவையை முடிவு செய்பவர் டாக்டர் மட்டும், யாரிடம் சொன்னார் என்பதை அன்றே கார்டில் எழுத வேண்டும் என்று கூடவே சேர்த்தோம்.

சம்மதமும் கால அளவும்

நோயாளி அறிவிப்பில் டாக்டர் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிட நினைத்தார்: சிகிச்சை, மருத்துவ முகாம் அழைப்புகள், புண் ஆறியதைக் காட்டும் படங்களைக் கிளினிக் பக்கத்தில் போடுவது. சட்டத்திலேயே இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காகத் தகவல் கேட்பதோடு, போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்று சொன்னாலும், தொடர்பு எண்கள் சிகிச்சைக்குத் தேவையில்லை என்பதால் சம்மதம் சிகிச்சை வரைக்கும்தான் நிற்கும். ஆகவே முகாம் அழைப்புக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம், இரண்டும் காலியாக. கீழே ஒரு வரி: "இந்த இரண்டுக்கும் வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்காது." அறிவிப்பைத் தமிழில் முதலில் எழுதி, ஆங்கிலப் பிரதியையும் வைத்தோம். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. "தேவைப்படும் காலம் வரை" என்பது பழைய கொள்கை. "எப்போதும்" என்பது டாக்டரின் விருப்பம். பத்து வருஷத்துக்கு முந்தைய சர்க்கரை அளவு தனக்கு வேண்டும் என்றார். கடைசி வருகையிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று வைத்ததும் இருவருக்கும் சரியாக வந்தது. தொடர்ந்து வருபவரின் கெடு ஒவ்வொரு வருகையிலும் புதுப்பிக்கப்படுவதால் அவருடைய பழைய கார்டு அப்படியே இருக்கும். வராமல் போனவரின் கார்டு மட்டும் அழியும். மூன்று என்பதற்குக் காரணம், 2002 விதிகள் உள்நோயாளி ஆவணத்துக்குச் சொல்லும் காலம் அது. நுகர்வோர் புகாருக்கான இரண்டு ஆண்டுக் கெடுவும் அதற்குள் அடங்கிவிடும். குழந்தைகளின் கார்டு அவர்களுக்கு 21 வயது ஆகும்வரை. போலீஸ், நீதிமன்றச் சம்பந்தமானவை வழக்கு முடியும்வரை. யார் அழிப்பது? ஒவ்வொரு ஜனவரியிலும் மருந்துக் கடைக்காரர் பட்டியல் எடுக்க வேண்டும், டாக்டர் கையெழுத்திட வேண்டும், தாளைக் கிழித்து அழிக்க வேண்டும், சாஃப்ட்வேரில் நீக்க வேண்டும். பட்டியலில் கார்டு எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

தவறு நடந்தால்

சட்டம் கசிவுக்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் வைக்கவில்லை. தெரியாமல் நடந்த வெளிப்படுத்தலும் அதில் அடங்கும். ஒரே ஒரு வாட்ஸ்அப் தவறான ஆளுக்குப் போனாலும், கடமைகள் நடைமுறைக்கு வந்த பிறகு, பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றால், தவறு செய்தவர் வந்து சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுதச் சொன்னது "தகவல் வெளியானால் உடனடிப் பணிநீக்கம்". அப்படி எழுதினால் அடுத்த தவறை யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அனுப்பியதை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். இப்படி மாற்றினோம்:

> தவறான நபருக்குத் தகவல் போனதை அறிந்த ஊழியர், தவறு யாருடையதாக இருந்தாலும், உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அன்றே சம்பவ நோட்டில் எழுத வேண்டும். இப்படித் தெரிவித்தவர் மேல், தெரியாமல் நடந்த தவறுக்காக நடவடிக்கை எடுக்கக் கூடாது. மறைத்தவர் மேலும், வேண்டுமென்றே பகிர்ந்தவர் மேலும் பணிநீக்கம் வரை நடவடிக்கை எடுக்கலாம்.

இதில் "நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்பது டாக்டரைக் கட்டுகிறது. கொள்கை முதலாளியையும் கட்டினால்தான் ஊழியர்கள் அதை நம்புவார்கள் என்பது என் அனுபவம்.

கட்டுவது என்றதும் இன்னொரு சிக்கல். ரிசப்ஷன் பெண்கள் இருவருக்கும் நியமனக் கடிதமே இல்லை. கொள்கையை எதோடு இணைப்பது? முதலில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, கொள்கையை அதன் இணைப்பாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, பிரதியை அவர்களிடமே கொடுக்கச் சொன்னேன். ஆளுக்கொரு பாஸ்வேர்டும், கிளினிக் பெயரில் ஒரு போனும் அன்றே வந்தன. அவை இல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தால், செய்ய முடியாததைச் செய்வதாக அவர்களை எழுதிக் கொடுக்க வைத்ததாகும்.

சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கதை அவ்வளவு திருப்தியாக முடியவில்லை. தகவலைக் கையாளும் வெளியாளுடன் முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் பொறுப்பு கிளினிக்குடையதே என்கிறது 8ஆம் பிரிவு. கசிவு நடந்தால் 24 மணி நேரத்தில் சொல்லுங்கள், விலகும்போது எங்கள் தகவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று கேட்டு எழுதினோம். இரண்டாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். முதலாவதற்கு அவர்களுடைய பொது நிபந்தனைகளையே அனுப்பி வைத்தார்கள். மாத வாடகை கட்டும் ஒரு கிளினிக்கால் அதற்கு மேல் அழுத்த முடியாது. மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்து, பூட்டிய டிரைவில் வைப்பதைக் கொள்கையில் டாக்டரின் கடமையாகவே எழுதிவிட்டோம்.

வாசித்துப் பார்த்தது

வரைவு முடிந்ததும் ரிசப்ஷன் பெண்ணை உட்காரவைத்து, சட்டத்தைப் பற்றிக் கேட்காமல், நடப்பதைக் கேட்டேன். "வீட்டுக்காரர் வந்து மனைவி ரிப்போர்ட்டைக் கேட்டால்?" கொள்கையில் தேடினார். "குடும்பத்தினருக்குத் தரக்கூடாதுன்னு இருக்கு சார். ஆனா அவர்தானே காசு கட்டினார்?" இதற்குக் கொள்கையில் பதில் இல்லை. அப்புறம்தான் "பணம் கட்டியவர், கூட வந்தவர், கணவர், மனைவி, பெற்றோர் யாராக இருந்தாலும், நோயாளி சீட்டில் பெயர் எழுதியிருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும், 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோரிடம் கொடுக்கலாம், சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும்" என்று விரித்தோம். "போலீஸ் வந்து கேட்டால்?" என்றதற்கு உடனே பதில் வந்தது: "எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கொடுக்கணும், நானா கொடுக்கக் கூடாது." அந்த வரியை அப்படியே விட்டுவிட்டோம். காசநோய் போல அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியவை தனி வரியாக, டாக்டரின் பெயரில் இருக்கின்றன.

ஒரு வரியில் மட்டும் இழுபறி நீடித்தது. டாக்டர்கள் தங்களுக்குள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே, தோல் படங்களைப் போட்டுக் கருத்துக் கேட்பது வழக்கம். "நோயாளி படங்களை எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது" என்று நான் எழுதியதை டாக்டர் அடித்தார். இரவு பதினொரு மணிக்கு ஒரு இருதய நிபுணரிடம் ஈசிஜி காட்ட வேறு வழி என்ன என்று கேட்டார். நியாயம்தான். இப்போது இருக்கும் வரி: பெயர், கார்டு எண், முகம் மூன்றும் தெரியாதபடி வெட்டிய பிறகே டாக்டர் அனுப்பலாம், கருத்து வந்ததும் தன் போனிலிருந்து அழிக்க வேண்டும், கேட்டதைக் கார்டில் எழுத வேண்டும். குழுவில் இருக்கும் மற்றவர்களின் போன்களில் அந்தப் படம் என்ன ஆகும் என்பதை இந்தக் கொள்கையால் கட்டுப்படுத்த முடியாது. கார்டில் எழுதும் பகுதியை டாக்டர் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார் என்பதை ஜனவரிப் பட்டியல் எடுக்கும்போது டாக்டரம்மா பார்ப்பதாக ஏற்பாடு.